வந்துட்டியா

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து உள்ளே நுழையும்போது "வந்துட்டீங்களா?" என்று கேட்டால், "இல்ல, இன்னும் பஸ்ஸுலதான் இருக்கேன்" என்பார். கல்யாணமான புதிதில் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துத் தொலைத்தேன். வேடிக்கை இல்லை, மனுஷனுக்கு அது உண்மையான எரிச்சல். தலையைத் துவட்டிக்கொண்டு வருகிறவரிடம் "குளிச்சாச்சா?" என்றால், "மழையில நனைஞ்சேன்" என்று வரும். செருப்பை மாட்டுகிறவரிடம் "கிளம்பிட்டீங்களா?" என்றால், "செருப்பு போட்டுட்டுத் தூங்கப் போறேன்" என்று வரும்.

"தெரிஞ்சத எதுக்குக் கேக்குற? தெரியாதத கேளு, பதில் சொல்றேன்" என்பதுதான் அவருடைய கொள்கை. சரி என்று தெரியாததையும் கேட்டுப் பார்த்தேன். ஏன் இப்படி உம்மென்று இருக்கிறீர்கள், என் மேல் ஏதாவது கோபமா, மனதில் என்னதான் இருக்கிறது என்றெல்லாம் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். அதோடு அந்தக் கடையும் மூடியாயிற்று. என் அக்கா அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்தாள். எங்கள் பெண்ணுக்குக்கூட அந்தப் பெயர் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்ததை யார் அவரிடம் கேட்பது?

இதில் கொடுமை என்னவென்றால், தெரிந்ததைக் கேட்பதுதான் என் பிழைப்பு. ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வருவார். "வாங்க, வாங்க. வெயில்ல வந்தீங்களா?" என்பேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருப்பது எனக்கும் தெரிகிறது, அவருக்கும் தெரிகிறது. "ஆமாம்மா, என்னா வெயில்" என்பார். அந்த ஒரு வரியில் அவர் தோள் கொஞ்சம் கீழே இறங்கும். அதை விட்டுவிட்டு எடுத்த எடுப்பில் "எந்தப் பல்லு?" என்று கேட்டால், நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். கேள்வி எது என்பது முக்கியமில்லை. நீ வந்ததை நான் பார்த்தேன், நீ இங்கே இருக்கலாம் என்று சொல்வதற்கு ஒரு சாக்கு வேண்டும். மழை, வெயில், பஸ், சாப்பாடு எல்லாம் அந்தச் சாக்குகள்தான்.

எங்கள் டாக்டர் இன்னும் ஒருபடி மேலே. நோயாளியின் வாய்க்குள் இரண்டு கருவிகளையும் பஞ்சையும் திணித்துவிட்டு, "அப்புறம், பசங்க எல்லாம் நல்லா படிக்கிறாங்களா?" என்பாள். அவர் "ஆ... ஆ..." என்பார். "ரொம்ப சந்தோஷம்" என்பாள். பதில் வராது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் டாக்டர் பேசாமல் குடைந்தால் நோயாளியின் கை நாற்காலியின் பிடியை உடைத்துவிடும்.

இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு உண்டு. "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கேன், நீங்க?" என்று பந்தைத் திருப்பிப் போட வேண்டும். ஒரு தடவை ஒருவர் அந்தக் கேள்வியை நிஜமென்று நம்பி, மூல நோயில் ஆரம்பித்து மருமகன் வரைக்கும் சொன்னார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. காலையில் ஒருவருக்கு வணக்கம் சொன்னால், மத்தியானம் அதே ஆள் எதிரே வரும்போது திரும்ப வணக்கம் சொல்லக்கூடாது, ஒரு சிரிப்பு போதும். மூன்றாம் தடவை புருவம் போதும். ஆனால் அந்தப் புருவமும் உயராவிட்டால் அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது. நாம் என்ன தப்பு செய்தோம் என்று புரண்டு புரண்டு படுப்பார்.

போனை வைப்பதற்கும் முறை இருக்கிறது. நானும் அக்காவும் பேசி முடிக்கும்போது பாருங்கள்.

"சரி... அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீதான் சொல்லணும்."

"சொல்றதுக்கு என்ன இருக்கு. சரி."

"சரி. வேற?"

"வேற ஒண்ணுமில்ல. சரி, வெச்சிடவா?"

"ம், வெச்சிடு. சாப்ட்டேல்ல?"

"ஆச்சு ஆச்சு. சரி."

இத்தனை சரிக்குப் பிறகுதான் போனை வைக்க முடியும். முதல் சரியிலேயே வைத்தால் சண்டை என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் முதல் சரிகூட இல்லாமல் வைக்கிற ஆள். எங்கள் பெண் கல்யாணமாகிப் போன புதிதில் போன் செய்து, "அப்பா, நான்தான்" என்றால், "இரு, அம்மாட்ட தரேன்" என்பார். அவ்வளவுதான் அப்பா.

நாள் முழுக்க ஊராருக்கெல்லாம் வாங்க வாங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், தலை நிமிராது. நான் வந்தேனா, காற்று வந்து கதவைத் திறந்ததா என்று அந்த வீட்டில் ஒரு வித்தியாசமும் இருக்காது. அக்காவிடம் புலம்புவேன். ஊரில் எத்தனையோ பேர் குடித்துவிட்டு அடிக்கிறார்கள், இவர் ஒன்றும் செய்வதில்லையே என்று அக்கா சொல்வாள். ஒன்றும் செய்வதில்லை என்பதுதானே நான் சொல்கிற குறை?

இப்படியே இருந்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, தலையும் நரைத்துவிட்ட பிறகு, போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறேன். நாற்காலியிலிருந்து குரல் வருகிறது.

"வந்துட்டியா?"

யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை, என்னைத்தான் கேட்கிறார். முகத்தைத் தூக்கி, என்னை நேராகப் பார்க்காமல் என் தோளுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு.

"ம், வந்துட்டேன்" என்றேன்.  கைப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்தேன்.

மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். பால்கனியில் துணி எடுத்துவிட்டு உள்ளே வந்தால், "என்ன, துணி எடுத்தியா?" அடுப்படியில் பாத்திரம் விழுந்தால், "நீதானா?" கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால், அவர் அறையிலிருந்து வந்து, "என்ன, இங்கயா உக்காந்திருக்க?" எல்லாம் கண்ணால் பார்த்தால் தெரிகிற விஷயங்கள். நான் இத்தனை வருஷமாகக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அதே கேள்விகள், இப்போது அவர் வாயிலிருந்து வந்தன. நான் ஒருநாள்கூட "கண்ணு தெரியலையா?" என்று திருப்பிக் கேட்கவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது. நேராகப் பார்க்காததைக்கூட, பாவம், வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். இந்த வயதில் பழக்கத்தை மாற்றுவது என்றால் கூச்சமாகத்தானே இருக்கும்?

அவர் கேட்க ஆரம்பித்த இரண்டாம் நாளே அக்காவிடம் சொல்லியிருந்தேன். "வயசாகுதில்ல, பயம் வந்திருக்கும். நம்மள விட்டா கஞ்சி ஊத்த ஆளில்லன்னு இப்பத்தான் உறைக்குது" என்றாள். அப்புறம் அவளே, "போன வாரம் நான் வந்தப்ப என்னையே 'டீ போடுறியா'ன்னு கேட்டாரு தெரியுமா? நான் கதவுகிட்ட நிக்கிறேன், என்னமோ உன்கிட்ட கேக்குற மாதிரி கேக்குறாரு. கிண்டல்கூட வருது மனுஷனுக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வேலை இடத்திலும் அவர் பெயர் மாறிப்போனது. அவர் ஒரு மின்விசிறித் தொழிற்சாலையின் வாசலில் காவலாளி. வருகிறவர்கள் கழுத்தில் தொங்கும் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அட்டையில் இருக்கும் முகத்தையும் ஆளின் முகத்தையும் பார்த்துச் சின்னக் கதவைத் திறந்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அவர் அதை ஒரு வார்த்தை பேசாமல் செய்துவந்தார். இப்போதோ ஒவ்வொருவரிடமும் "என்ன, வந்தாச்சா?" என்கிறாராம். "வந்தாச்சுண்ணே" என்கிறார்களாம். "சாப்பாடு ஆச்சா?" "ஆச்சு மாமா." சாயங்காலம் "கிளம்பியாச்சா?" "கிளம்பியாச்சுங்க." உள்ளே போகிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. காலையில் முதல் முகம் சிரித்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆண்டு விழாவில், எல்லாரையும் அன்போடு வரவேற்கும் ஊழியர் என்று சொல்லி, அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்கள்.

கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டினார். அதற்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு, "மணி என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்பார். பேச்சுக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் சொல்வேன்.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை. என் தொழிலே இதுதான் என்று சொன்னேனே. சில விஷயங்கள் நெருடத்தான் செய்தன. அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன், அதோடு முடிந்துவிடும். "நீங்க எப்ப வந்தீங்க?" என்று நான் பந்தைத் திருப்பிப் போட்டால், அது தரையில் விழுந்து உருளும். வரும்போது கேட்கிறவர், போகும்போது ஒன்றும் கேட்பதில்லை. "போயிட்டு வரேங்க" என்றால் "ம்" என்பார். இன்னொன்றும் உண்டு. நான் போனில் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தால் அன்று "வந்துட்டியா" கிடையாது. போன் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்கிற மரியாதை என்று நினைத்தேன். அதனால், இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அக்காவோடு பேசிக்கொண்டே படியேறினாலும், வாசலுக்கு வந்ததும் "சரிக்கா, வெச்சிடறேன்" என்று முதல் சரியிலேயே போனை வைத்துவிடுவேன். அவள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கதவைத் திறந்து, பேசாமல், ஒரு நிமிஷம் நிற்பேன், அவர் கேட்கட்டும் என்று.

போன மாதம் ஒரு மத்தியானம் கிளினிக்குக்குப் போன் வந்தது. தொழிற்சாலையின் மேலாளர் பேசினார். "நீங்க கொஞ்சம் வர முடியுமாம்மா? உங்க வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டேங்கிறாரு." பழைய உம்மணாமூஞ்சி திரும்பிவிட்டதோ என்று பயம் வந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

தொழிற்சாலையின் முன்னறையில் ஒரு பெஞ்சில் அவர் எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தாண்டும்போதே மேலாளர் கையைக் காட்டி என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுவிட்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். வெயிலில் வந்தீர்களா என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்கு விஷயம் சரியில்லை என்று புரிந்துவிட்டது.

முந்தின நாள் ஓர் ஆள் உள்ளே வந்து, செம்புக் கம்பிச் சுருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே பழைய அட்டைப்பெட்டிகளைப் போட்டு மூடி, வாசல் வழியாகவே தள்ளிக்கொண்டு போய்விட்டான். அவன் அங்கே வேலை செய்கிறவனே இல்லை. சட்டை மட்டும் அதே நிறம். கழுத்தில் ஏதோ ஓர் அட்டை.

"திருடன் வர்றது போறது சகஜம்மா. ஆனா இத பாருங்க" என்று மேலாளர் திரையை என் பக்கம் திருப்பினார்.

வாசலில் இருக்கும் கேமரா எடுத்த படம். சத்தம் இல்லை. அந்த ஆள் வருகிறான். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்குகிறார், சிரிக்கிறார், ஏதோ கேட்கிறார். அவன் ஒரு நொடி தயங்குகிறான். பிறகு அவனும் சிரித்து ஏதோ சொல்கிறான். இவர் கதவைத் திறந்துவிடுகிறார். அப்புறம் வேறொரு படம். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். இவர் மறுபடியும் ஏதோ கேட்கிறார், அவன் சொல்கிறான். இவர் பெரிய கதவையே திறந்து, வண்டிச் சக்கரம் தடுக்காமல் இருக்கக் கதவின் தாழ்க்கம்பியைக் காலால் தள்ளிவிடுகிறார்.

"என்ன பேசினீங்கன்னு கேட்டேன். அதுக்கு மட்டும்தான் பதில் சொன்னாரு. 'வந்தாச்சான்னு கேட்டேன். வந்தாச்சுண்ணேன்னான். போறப்ப கிளம்பியாச்சான்னு கேட்டேன். கிளம்பியாச்சுண்ணேன்னான்.' இவ்வளவுதான் சொன்னாரு. முன்ன பின்ன தெரியாதவன்கிட்ட யாராவது இப்படிக் கேப்பாங்களாம்மா? தெரிஞ்சவன்கிட்டதானே கேப்போம்? ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு நம்ப முடியல. ஆனா போலீஸ் நம்பும்."

அவர் சொன்னது நியாயம்தான். வந்தாச்சா என்ற கேள்விக்கு அர்த்தமே, நீ எங்கள் ஆள் என்பதுதான். அதைக் கேட்டுவிட்டால், கேட்டவரும் பதில் சொன்னவரும் பழக்கமானவர்கள் ஆகிவிடுகிறார்கள். அந்தத் திருடன் செய்த கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான். வந்தாச்சுண்ணே என்று சொன்னால் கதவு திறக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. குழந்தைக்குக்கூடத் தெரிந்த பதில்.

ஆனால் நான் அவனைப் பார்க்கவில்லை. "இன்னொரு தடவ போடுங்க" என்றேன். மேலாளர் போட்டார். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். திருடன் அவருக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறான். இவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்க்கிறார். உதட்டில் அந்தச் சின்னச் சிரிப்பு.

என் சிரிப்பு அது. ஒரு வருஷமாகத் தினமும் சாயங்காலம் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சிரிப்பு. எனக்காக வந்த வெட்கம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த பார்வை. அதே கோணத்தில், அதே மாதிரி, ஒரு செம்புத் திருடனுக்குப் போயிருக்கிறது.

எழுந்து முன்னறைக்குப் போனேன். மேலாளர் பின்னாலேயே வந்தார். பெஞ்சுக்கு முன்னால், அவருக்கு நேர் எதிரே போய் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மேலாளரையும் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அவர் முகத்தைத் தூக்கினார். என் வலது தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். சிரித்தார்.

"என்ன, வந்தாச்சா?"

எனக்குச் சொல்லும் "வந்துட்டியா" இல்லை. வாசலில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வது. நான் பேசவில்லை.

"சாப்பாடு ஆச்சா?"

பேசவில்லை. அவர் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கைகள் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டன. பூட்டுக்கு ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பதுபோல் போட்டுப் பார்த்தார். "வெயில் அதிகமா?" என்றார். "வேலை முடிஞ்சுதா?" என்றார். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார். யாரும் சொல்லவில்லை. கடைசியில் சிரிப்பு போய், மெதுவாகக் கேட்டார்.

"யாரு?"

மேலாளர் வாயைப் பொத்திக்கொண்டார். நான்தான் சொன்னேன். "இவருக்குக் கண்ணு தெரியல சார். திருடன்கூட எல்லாம் சேரல. நீங்க எதிர்ல நின்னாலும் வந்தாச்சான்னுதான் கேப்பாரு."

அவரைக் காப்பாற்றத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன குரலில் காப்பாற்றுகிற குரல் இல்லை. அது எனக்கும் தெரிந்தது, என் குரலைக் கேட்டதும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாரே, அவருக்கும் தெரிந்தது.

கண் முழுக்கப் போகவில்லை. நடுப்பார்வை போயிருக்கிறது. ஓரத்தில் தெரிகிறது. நடப்பார், மேசை நாற்காலியில் இடிக்க மாட்டார், ஆள் வருவது தெரியும், என்ன நிறச் சட்டை என்றுகூடச் சொல்வார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கறை. நேராகப் பார்த்தால் அந்தக் கறை முகத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் கறை தோளுக்குப் போகும், முகம் மங்கலாக ஓரத்தில் வரும். அதற்காகத்தான் தோளுக்கு அந்தப் பக்கம் பார்ப்பது. இதையெல்லாம் கண் டாக்டரே என்னிடம் சொன்னார். அவரிடம் என் வீட்டுக்காரர் ஒன்றரை வருஷத்துக்கு முன்பே தனியாகப் போயிருக்கிறார். இனி திரும்ப வராது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

திருட்டுப் பழி நீங்கியது, வேலை போயிற்று. மேலாளர் மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார்.

வேலை போன அன்று சாயங்காலம் கூடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பேசிடுவ. பேச்சுதான உன் வேல. எங்கயாவது ஒரு இடத்துல வாய் தவறும். எனக்கு வேல போயிடும்."

"போயிடுச்சே."

"நீதான சொன்ன?"

  எனக்குத் தெரிய வேண்டியது வேறொன்று. அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்காமல் விடுகிற வாய் எனக்கு வாய்க்கவில்லை.

"வந்துட்டியா வந்துட்டியான்னு தினமும் கேப்பீங்களே, அது எதுக்கு?"

"உங்க அக்காகிட்ட ஒரு நாளு டீ கேட்டுட்டேன். நீன்னு நெனச்சு. அவ சிரிச்சிட்டுப் போயிட்டா, கண்டுபிடிக்கல. இன்னொரு தடவ அப்படி ஆகக்கூடாதுன்னுதான், அதுலேருந்து யாரு வந்தாலும் கேட்டுக்கிட்டேன். நீ ம்முன்னா நீ."

"நான்தான்னு முன்னாடியே தெரிஞ்சா?"

"தெரிஞ்சா எதுக்குக் கேக்கணும்?"

கோபத்தில் சொல்லவில்லை. இரண்டும் இரண்டும் நாலு என்கிற மாதிரி சொன்னார். தெரிஞ்சத எதுக்குக் கேக்குற, தெரியாதத கேளு. கல்யாணமான நாளிலிருந்து அவர் கொள்கை அதுதான். அதிலிருந்து அவர் இம்மியும் நகரவில்லை. ஊரையே பேச்சில் எடை போடுகிற நான்தான், மனுஷன் மாறிவிட்டான் என்று தலைகால் புரியாமல் ஆடியிருக்கிறேன். நான் போனில் பேசிக்கொண்டு வந்தால் குரல் கேட்டுவிடும், கேட்க வேண்டியதில்லை. போகும்போது நானே போயிட்டு வரேன் என்று சொல்லிவிடுகிறேன், கேட்க வேண்டியதில்லை. ஒரு வருஷமாக நான் சேர்த்து வைத்ததெல்லாம் என்னவென்று இப்போது புரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டது, யார் நீ என்று.

எழுந்துபோய்ப் பாத்திரங்களை விளக்கினேன். விளக்கிய பாத்திரத்தையே திரும்ப விளக்கினேன். அவருக்குக் கண் போய்விட்டதே என்று அழ வேண்டியவள் நான். அதற்கும் அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் அழுதது அதற்கு இல்லை.

மறுநாளிலிருந்து அவர் வீட்டில்தான். மறைக்க இனி ஒன்றும் இல்லை என்பதால் சுற்றி வளைக்கவும் இல்லை. சாயங்காலம் கதவைத் திறந்தேன். "யாரு?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

"சரி" என்றார்.

ஒரு வாரம் இப்படிப் போனது. "யாரு?" "நான்தான்." "சரி." போலீஸ் நிலையத்துக்குள் நுழைகிற மாதிரி இருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "யாருன்னு கேக்காதீங்க. முன்ன மாதிரி வந்துட்டியான்னே கேளுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"உங்களுக்கு ஒண்ணுதான். எனக்காகக் கேளுங்க."

 "சரி" என்றார். அவர் என் பேச்சைக் கேட்டு எனக்காக ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். அதனால் மறுநாள் கிளினிக்கில் எனக்கு வேலையே ஓடவில்லை. பொய்தான், நானே சொல்லிக்கொடுத்த பொய்தான். இருந்தாலும் எனக்காக என்று தெரிந்தே கேட்கப்போகிறாரே, முதல் தடவையாக. சாயங்காலம் போனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுப் படியேறினேன்.

எனக்கு முன்னால் பார்சல் கொண்டுவருகிற ஆள் ஏறிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டு வாசலில் நின்றான். கதவு திறந்திருந்தது. அவன் உள்ளே ஒரு காலை வைத்து, பெட்டியைக் கீழே இறக்கினான். நான் இரண்டு படி கீழே, அவன் முதுகுக்குப் பின்னால்.

"வந்துட்டியா?"

என் வீட்டுக்காரர் குரல். நான் கேட்டுக்கொண்டபடியே, நன்றாக, மெதுவாக, முன்பைவிடக்கூடக் கனிவாகச் சொன்னார். பார்சல்காரன் திகைத்து, "ஆமாங்க சார், வந்துட்டேன். பார்சல் இருக்கு" என்றான். "ஓ, வெச்சிட்டுப் போப்பா" என்றார். அவன் இறங்கும்போது என்னைப் பார்த்து, "நல்ல மனுஷங்க அவரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

படியிலேயே நின்றேன். திரும்பி அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. அவளிடம் சொன்னாலும், இதெல்லாம் ஒரு குறையாடி, கண்ணு போன மனுஷன்டி என்பாள். அவள் சொல்வதும் சரி. எல்லாரும் சொல்வது சரி. உள்ளே போனேன்.

அவர் முகத்தைத் தூக்கினார். என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். சிரித்தார்.

"வந்துட்டியா?"

எனக்குள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆனால் வாய் தானாகத் திறந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் திறக்கிற அதே வாய், யார் என்று பார்க்காமலே வருகிற அதே இனிமை.

"வந்துட்டேங்க. என்னா வெயில் வெளியில" என்றேன்.

அவர் தோள் கொஞ்சம் கீழே இறங்கியது.